டாக்ஸிசைக்ளின், வெயில், நகம்: அரிய மருந்து எதிர்விளைவைக் கேஸ் ரிப்போர்ட்டாக எழுதும் முறை

எல்லோருக்கும் சாதாரணமாக ஒத்துக்கொள்ளும் ஒரு மருந்து ஒருவருக்கு மட்டும் எதிர்பாராத விளைவைத் தந்தால், அதை மற்ற மருத்துவர்களுக்கு எழுத்தில் சொல்வதுதான் கேஸ் ரிப்போர்ட். ஒரு நோயாளி, ஒரு நிகழ்வு, பெரும்பாலான ஆய்விதழ்களில் 1000 முதல் 1500 சொற்கள், ஒன்றிரண்டு படங்கள். ஹவுஸ் சர்ஜனோ முதலாண்டு முதுநிலை மாணவரோ முதன்முதலில் எழுதிப் பார்க்கும் கட்டுரை பெரும்பாலும் இதுதான்.

எழுத உட்கார்ந்ததும் ஒரு முட்டுக்கட்டை வரும். இந்த மருந்தால்தான் இது நடந்தது என்று நிரூபிக்க நோயாளியைப் பற்றி நுணுக்கமாகச் சொல்ல வேண்டும்: என்ன வேலை பார்க்கிறார், எந்த நாளில் என்ன நடந்தது, எந்தக் கையில் வந்தது. அவர் யார் என்று தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் அதே நுணுக்கங்களில் பலவற்றை எடுத்துவிட வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் படிவம் நிரப்புவது போலத்தான். அதனால் இந்தக் கட்டுரை அதையே சுற்றி வருகிறது. விளக்கத்துக்காக ஒரு கேஸை நானே கட்டியிருக்கிறேன். அதில் வரும் நோயாளி உண்மையானவர் இல்லை, ஆனால் எதிர்விளைவு உண்மையானது.

கேஸ் இதுதான்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். சம்பா நடவு நடந்துகொண்டிருக்கும் சமயம். நடவுக்குப் போகும் 34 வயதுப் பெண்ணுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருகிய ஒரு சிறு புண். ஸ்க்ரப் டைபஸ் என்று சந்தேகித்து, ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்து, டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஏழு நாளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடுகிறது.

மாத்திரை தொடங்கிய 20ஆம் நாள் அவர் மறுபடி ஓ.பி.க்கு வருகிறார். கை நகங்கள் நுனியிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்கின்றன. தூக்கிய இடம் பிறை வடிவில் மஞ்சளும் பழுப்புமாக இருக்கிறது. தொட்டால் வலி. கட்டைவிரல் நகங்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, கால் நகங்களும் அப்படியே. வலது கையைவிட இடது கையில் அதிகம்.

இதற்கு ஃபோட்டோ ஆனிக்கோலைசிஸ் என்று பெயர். சில மருந்துகள் உடலில் இருக்கும்போது வெயில் பட்டால் நகம் அதன் படுகையிலிருந்து பிரிந்துவிடும். டாக்ஸிசைக்ளின் உட்பட டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் இது வரும் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை. பார்த்தாலும் "சேத்துப்புண்ணு, தண்ணியிலயே கெடந்தா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் பக்கத்தில் எளிது. எழுதத் தகுந்த கேஸ் என்று நான் நினைப்பதற்குக் காரணமும் அதுதான்: வயலில் வேலை பார்ப்பவருக்கு வரும் மருந்து எதிர்விளைவைத் தண்ணீரின் மேல் பழி போட்டு எவ்வளவு சுலபமாக விட்டுவிட முடிகிறது என்பது.

எழுதுவதற்கு முன் இரண்டு வேலை

முதல் வேலை, சந்தேகப்படும் மருந்து எதிர்விளைவுக்கான படிவத்தை நிரப்பி அனுப்புவது. மருத்துவக் கல்லூரி என்றால் பெரும்பாலும் மருந்தியல் துறையிலேயே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் மையம் இருக்கும். மையம் இல்லாத இடத்திலிருந்து 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடலாம். குறைந்தபட்சம் நான்கு தகவல் வேண்டும்: அடையாளம் சொல்லக்கூடிய ஒரு நோயாளி, சந்தேக மருந்து, நடந்த விளைவு, தெரிவிப்பவர். மருந்துதான் காரணம் என்று நிரூபித்திருக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். கட்டுரை வெளிவந்தாலும் வராவிட்டாலும் இந்தத் தகவல் போய்ச் சேர வேண்டும். ஒரு வித்தியாசம் கவனியுங்கள். அந்தப் படிவத்தில் நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளைக் கேட்பார்கள், ஏனென்றால் அது ரகசியமாக வைக்கப்படும் பதிவு. கட்டுரையில் முதலெழுத்துகூட வரக்கூடாது. படிவத்திலிருந்து அப்படியே கட்டுரைக்கு எடுத்து எழுதுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டாவது வேலை, மருந்து வரலாற்றை மறுபடி கேட்பது. ஓ.பி. சீட்டில் ஏழு நாள் என்றுதான் இருக்கும். "அக்கா, மாத்திர அட்டைய எடுத்துட்டு வாங்க, வெறும் அட்டையா இருந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லுங்கள். நம் கேஸில் அப்படி வந்தவை மூன்று அட்டைகள். காய்ச்சல் விட்டும் அசதி போகவில்லை என்று எட்டாம் நாள் பழைய சீட்டையே மருந்துக்கடையில் காட்டி இன்னும் ஏழு நாளுக்கு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஆக, மொத்தம் 14 நாள். சீட்டை நம்பி எழுதியிருந்தால் கட்டுரையின் அடிப்படையே தவறாகியிருக்கும். அட்டையிலிருந்து மருந்தின் பொதுப்பெயர், வணிகப்பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே என்னென்ன சாப்பிட்டார் என்பதும் வேண்டும்: பாராசிட்டமால், வயிற்றெரிச்சல் மாத்திரை, உள்ளூரில் போட்ட ஊசி, நாட்டு மருந்து, கையில் வைத்த மருதாணி வரைக்கும். மருதாணிக் கறை இருந்தால் நகத்தின் உண்மையான நிறம் தெரியாது என்பதால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

காலவரிசையை முதலில் எழுதுங்கள்

கேஸ் ரிப்போர்ட்டுக்கு 2013இல் வெளியான கேர் என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. பல ஆய்விதழ்கள் அதன் சரிபார்ப்புப் பட்டியலைக் கேட்கின்றன. தலைப்பு, திறவுச்சொற்கள், சுருக்கம், முன்னுரை, நோயாளி விவரம், பரிசோதனையில் கண்டது, காலவரிசை, நோய் கண்டறிந்த விதம், சிகிச்சை, தொடர் கவனிப்பும் முடிவும், விவாதம், நோயாளியின் பார்வை, ஒப்புதல் என்று அது போகும். கட்டுரையில் இந்த வரிசை சரி. எழுதும்போது இதே வரிசையில் எழுதத் தேவையில்லை. மருந்து எதிர்விளைவு என்றால் காலவரிசையை முதலில் எழுதுவதுதான் நல்லது, மருந்துக்கும் விளைவுக்கும் உள்ள உறவு அங்கேதான் தெரியும்.

நாட்காட்டித் தேதி போடாமல், சந்தேக மருந்தின் முதல் மாத்திரை விழுங்கிய நாளை 1ஆம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கேஸில் அது இப்படி வரும். மாத்திரைக்கு ஆறு நாள் முன்பு காய்ச்சல் தொடங்கியது. 1ஆம் நாள் டாக்ஸிசைக்ளின். 3ஆம் நாள் காய்ச்சல் நின்றது. 8ஆம் நாள் தானாக இரண்டாம் சுற்று தொடங்கினார். 10ஆம் நாள் நடவுக்குப் போனார், காலை எட்டு மணி முதல் மதியம் இரண்டு வரை வெயில். 12ஆம் நாள் புறங்கையில் எரிச்சலும் சிவப்பும். 14ஆம் நாள் கடைசி மாத்திரை. 16ஆம் நாள் நகங்களில் வலி. 20ஆம் நாள் நகம் தூக்கியிருப்பது தெரிந்தது. 48ஆம் நாள் அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து வந்தது. 140ஆம் நாள் எல்லா நகமும் பழையபடி. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் இத்தனை மாதம் ஆவது இயல்பு.

இந்த நாள் கணக்கில் இரண்டு வேலை ஒரே சமயத்தில் நடந்துவிடுகிறது. படிப்பவருக்கு மருந்து தொடங்கி எத்தனை நாளில் விளைவு வந்தது என்பது எளிதாகத் தெரிகிறது. எந்த ஆண்டு, எந்தத் தேதி என்பது தெரியவே தெரியாது. மருத்துவமனைக்கு வந்த தேதி தெரிந்தால் ஓ.பி. பதிவேட்டில் ஆளைத் தேடிவிடலாம் அல்லவா, அதனால்தான் தேதி வேண்டாம் என்பது.

தண்ணீரா, வெயிலா?

விவாதப் பகுதியில் மருந்துதான் காரணம் என்று நீங்கள் சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதிகம் பயன்படுத்தப்படுவது 1981இல் வந்த நராஞ்சோ மதிப்பெண் முறை. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, தெரியாது. கூட்டல் 9 அல்லது அதற்கு மேல் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை இருக்கலாம், அதற்குக் கீழே போனால் சந்தேகம்தான்.

நம் கேஸில் போட்டுப் பார்ப்போம். இதே விளைவு முன்பே ஐயமறப் பதிவாகியிருக்கிறதா? ஆம், 1. மருந்து கொடுத்த பிறகு வந்ததா? ஆம், 2. மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா? இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். வலி தொடங்கியதே மருந்து முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான், ஆகவே நிறுத்திப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. 0. மறுபடி கொடுத்தபோது திரும்ப வந்ததா? கொடுக்கவில்லை, 0. கட்டுரைக்காக மறுபடி கொடுத்துப் பார்க்கவும் கூடாது. போலி மருந்து, ரத்தத்தில் மருந்தின் அளவு, அளவைக் கூட்டிக் குறைத்தது, முன்பு இதே மருந்துக்கு வந்தது ஆகிய நான்குக்கும் 0. கண்ணால் பார்த்தும் படம் எடுத்தும் விளைவு உறுதியாகியிருக்கிறதா? ஆம், 1. இதுவரை 4.

பாக்கி இருப்பது ஒரே கேள்வி: வேறு காரணம் இருக்க முடியுமா? "இல்லை" என்றால் 2, மொத்தம் 6, அநேகமாக மருந்துதான். "தெரியாது" என்றால் 0, மொத்தம் 4, வெறும் இருக்கலாம். "ஆம்" என்றால் ஒன்று குறைந்து 3. மொத்தக் கட்டுரையின் எடையும் இந்த ஒரு பதிலில் நிற்கிறது. ஆசிரியருக்குப் பதில் தெரிந்தால் மட்டும் போதாது, படிப்பவருக்கு அந்தப் பதிலுக்கான ஆதாரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பூஞ்சையா? நகத்தடியைச் சுரண்டி கே.ஓ.ஹெச். பரிசோதனை செய்தோம், பூஞ்சை இல்லை, கல்ச்சரிலும் வளரவில்லை. தைராய்டு அளவு சரி. சொரியாசிஸ் எங்கும் இல்லை. கடைசியாகத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் எந்த மருத்துவரும் முதலில் கேட்பது இதைத்தான்: "நடவுக்காரம்மாவுக்கு நகம் பேந்துக்காம என்ன செய்யும்?"

இதற்குப் பதில் நடும் விதத்திலேயே இருக்கிறது. நாற்று முடி இடது கையில் இருக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து வலது கை சேற்றில் ஊன்றும். நாளெல்லாம் சேற்றுத் தண்ணீரில் முங்கி முங்கி எழுவது வலது கை. முடியைப் பிடித்தபடி தண்ணீருக்கு மேலே, விரல் நகங்கள் வெளியே தெரிய வெயிலில் காய்வது இடது கை. தண்ணீர்தான் காரணம் என்றால் வலது கையில் அதிகம் வந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நாள் முழுவதும் சேற்றுக்குள்ளேயே இருந்த கால் நகங்களில் வந்திருக்க வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லை. கட்டைவிரல் தப்பியதும் இந்த எதிர்விளைவைப் பற்றி முன்பு எழுதியவர்கள் கவனித்ததோடு ஒத்துப்போகிறது. பல வருடமாக நடவுக்குப் போகிறவருக்கு இதற்கு முன் ஒருமுறையும் இப்படி வந்ததில்லை, அதே வயலில் நட்ட மற்றவர்களுக்கும் இல்லை. 12ஆம் நாள் புறங்கை சிவந்ததும் வெயிலின் பக்கம்தான் கை காட்டுகிறது. இப்போது "வேறு காரணம் இல்லை" என்று எழுதலாம். அப்படியும் "உறுதி" என்று எழுதக் கூடாது, 6 என்றால் அநேகமாக என்றுதான் பொருள்.

இந்த அளவுகோலுக்கு ஒரு வரம்பு உண்டு. கேள்விகள் பொதுவானவை, நகம் போல மெதுவாகக் காட்டும் உறுப்புக்கு "நிறுத்தியதும் குறைந்ததா" என்பது சரியாகப் பொருந்தாது. அதை விவாதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "இதுவே முதல் கேஸ்" என்று எழுத ஆசை வரும். வேண்டாம். எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டு, எந்தத் தேதி வரை தேடினீர்கள் என்று எழுத முடிந்தால் மட்டும் "எங்கள் தேடலில் கிடைக்கவில்லை" என்று எழுதலாம்.

முன்னுரைக்கும் சுருக்கத்துக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னுரை இரண்டு பத்தி போதும்: இந்த எதிர்விளைவு என்ன, இந்தக் கேஸை ஏன் எழுதுகிறோம். டாக்ஸிசைக்ளினின் வரலாறு யாருக்கும் வேண்டாம். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். தலைப்பில் மருந்து, விளைவு, "கேஸ் ரிப்போர்ட்" என்ற சொல் மூன்றும் வரட்டும்.

எதை எடுப்பது, எதை வைப்பது

ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில்தான் போகும். புரிவதற்காக இங்கே தமிழில் தருகிறேன். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"34 வயதான எஸ்.எம். என்ற பெண், மன்னார்குடி அருகே இன்ன கிராமத்தைச் சேர்ந்தவர், ஊராட்சி வார்டு உறுப்பினர், நடவு வேலைக்கும் செல்பவர், கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அக்டோபர் 9 அன்று காய்ச்சலுடன் எங்கள் ஓ.பி.க்கு வந்தார்."

பெயர் இல்லையே என்று எழுதியவர் நிம்மதியாக இருப்பார். அந்தக் கிராமத்தில் யாரிடம் காட்டினாலும் பாதி வாக்கியத்திலேயே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு தகவலும் தனியாக அடையாளம் காட்டாது, சேரும்போது காட்டிவிடும். இன்னொன்றும் உண்டு. கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே உங்கள் பெயரும் உங்கள் மருத்துவமனையும் அச்சாகும். நீங்கள் மாவட்டத்தின் பெயரை நீக்கினாலும் படிப்பவருக்கு அது தெரிந்துவிடும். ஆகவே மிச்சமிருக்கும் தகவல்களை அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் கையில் இந்தக் கட்டுரை இருக்கிறது என்று நினைத்தே சலிக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் மருந்துதான் காரணம் என்ற வாதம் பலவீனமாகுமா? முதலெழுத்து, கிராமம், வார்டு உறுப்பினர், கணவர் இருக்கும் நாடு, தேதி — எதை எடுத்தாலும் வாதத்துக்கு ஒன்றும் ஆகாது, போகட்டும். வயது ஓரளவு வேண்டும், 30களில் என்றால் போதும். பெண் என்பது வேண்டும். நடவு வேலை? அதை எடுத்துவிட்டு "உடலுழைப்பு செய்பவர்" என்று எழுதினால் அடையாளம் இன்னும் மறையும்தான். ஆனால் இடது கை, வலது கை, கால் நகம் என்ற வாதம் முழுவதும் அதோடு போய்விடும். அது இருக்கத்தான் வேண்டும். டெல்டாவில் நடவுக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அது மட்டும் ஒருவரைக் காட்டிக் கொடுக்காது. வெயில் முக்கியம் என்பதால் பருவத்தையும் மழைக்கு முந்தைய வெயில் நாட்கள் என்ற அளவில் வைக்கலாம்.

சலித்த பின்:

"30களில் உள்ள, நெல் நடவு வேலை செய்யும் பெண் ஒருவர் ஆறு நாள் காய்ச்சலுடன் வந்தார். மருந்தின் முதல் நாளை 1ஆம் நாளாகக் கொண்டால், 10ஆம் நாள் முதல் தினமும் சுமார் ஆறு மணி நேரம் திறந்த வெயிலில் வேலை செய்திருக்கிறார்."

எடுக்கலாம், பொதுவாக்கலாம், மாற்றக் கூடாது. அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று 34ஐ 45 ஆக்குவது, பெண்ணை ஆணாக்குவது, இடது கையை வலது கையாக்குவது எல்லாம் பொய்த் தரவு. நாளை இதே எதிர்விளைவின் கேஸ்களைத் தொகுக்கும் ஒருவர் உங்கள் பொய்யையும் சேர்த்து எண்ணிவிடுவார்.

படத்துக்கு வருவோம். நகம்தானே, முகம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். கையில் கணவர் பெயரைப் பச்சை குத்தியிருப்பார்கள். மோதிரம், வளையல், பழைய தழும்பு, பின்னணியில் கட்டிலில் ஒட்டிய பெயர்ச்சீட்டு, அளவுகோலில் எழுதிய ஓ.பி. எண் என்று எதுவும் இருக்கலாம். விரலின் கடைசி இரண்டு கணுக்கள் தெரிந்தால் நம் வாதத்துக்குப் போதும், மற்றதை வெட்டுங்கள். (முகம் வரும் கேஸ்களில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடுவது போதாது என்பது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு தெளிவாகச் சொல்லியிருப்பது. தெரிந்தவர்களுக்கு மூக்கும் வாயும் போதும்.) வேர்டிலோ பவர்பாயிண்டிலோ வெட்டினால் வெட்டிய பகுதி பெரும்பாலும் கோப்புக்குள் ஒளிந்தே இருக்கும், படத்தைத் திறப்பவர் திரும்ப விரித்துப் பார்க்கலாம். தனியாக ஒரு படச் செயலியில் வெட்டிப் புதிய கோப்பாகச் சேமித்து, பிறகு ஒட்டுங்கள். மொபைலில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயங்கியிருந்தால் இடமும் பதிவாகியிருக்கும், அதையும் அழித்துவிடுங்கள். கோப்பின் பெயர் நோயாளியின் பெயராக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் அப்படித்தான் வந்து சேர்கின்றன.

கையெழுத்து வாங்குவது

இவ்வளவு சலித்த பிறகும் ஒப்புதல் தேவையா என்று கேட்பார்கள். தேவை. சிகிச்சைக்குப் போட்ட கையெழுத்து சிகிச்சைக்கு மட்டும்தான், கேஸ் ஷீட்டுக்காகப் படம் எடுக்கச் சம்மதித்தது கேஸ் ஷீட்டுக்கு மட்டும்தான். வெளியிடுவதற்கென்று தனியாக எழுத்தில் வாங்க வேண்டும். சில ஆய்விதழ்கள் தங்கள் சொந்தப் படிவத்தைத்தான் ஏற்கும். எந்த இதழ் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் இரண்டு முறை கையெழுத்துக்கு அலைய வேண்டாம். ஆங்கிலப் படிவம் என்றால் அதன் தமிழ் வடிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நம் கேஸில் இதற்கு நல்ல நேரம் 48ஆம் நாள் வருகை. வலி போயிருக்கும், புது நகம் தெரியும், அவசரம் இருக்காது. 20ஆம் நாள் வலியோடு வந்தவரிடம் நீட்டினால், கையெழுத்துப் போட்டால்தான் வைத்தியம் என்று நினைத்துக்கொள்வார். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அக்கா, உங்களுக்கு நகம் இப்படி ஆனத மத்த டாக்டருங்க தெரிஞ்சிக்கிற மாதிரி எழுதலாம்னு இருக்கோம். நகத்த எடுத்த போட்டோவும் வரும்."

"எம் பேரு வருமா?"

"பேரு, ஊரு எதுவும் வராது. ஆனா நடவு வேல பாக்குறவங்கன்னு வரும். உங்கள நல்லா தெரிஞ்சவங்க படிச்சா கண்டுபிடிக்க வாய்ப்பு கொஞ்சம் இருக்கு, அத மறைக்காம சொல்லிடுறேன்."

"நெட்ல வருமா? எம் பையன் பாப்பானா?"

"வரும். யாரு வேணாலும் பாக்கலாம். வேணாம்னு தோணுனா அச்சாகறதுக்குள்ள சொல்லிடுங்க, நிறுத்திடுவோம். வந்ததுக்கப்புறம் திரும்ப எடுக்க முடியாது. வேணாம்னு சொன்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் இருக்காது."

"முழுசாக அடையாளம் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது யார் கையிலும் இல்லை. படிவத்தில் எழுதுவதும் இதே விஷயங்கள்தான், இப்படி:

"என் கை நகங்களில் ஏற்பட்ட மருந்து எதிர்விளைவைப் பற்றிய விவரங்களையும் படங்களையும் மருத்துவ ஆய்விதழில் வெளியிடச் சம்மதிக்கிறேன். என் பெயரும் முகவரியும் வராது என்பதும், இருந்தாலும் யாரோ ஒருவர் என்னை அடையாளம் காண வாய்ப்பு உண்டு என்பதும் எனக்கு விளக்கப்பட்டன. கட்டுரை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்கலாம். வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் என் சிகிச்சை பாதிக்கப்படாது. இதற்காக எனக்குப் பணம் தரப்படவில்லை. படங்களைப் பார்த்தேன், எழுதியதைப் படித்துக் காட்டினார்கள்."

கடைசி வரி வெறும் அலங்காரம் இல்லை. கட்டுரைக்குப் போகும் அதே படத்தைக் காட்டி, நோயாளி விவரப் பகுதியைத் தமிழில் சொல்லுங்கள். நாம் யோசிக்காத அடையாளத்தை அவர்தான் பிடிப்பார்: "இந்த விரல்ல கதிரறுவா வெட்டுன தழும்பு தெரியுது பாருங்க, ஊருக்கே தெரியும்."

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படிவத்தை முழுவதும் படித்துக் காட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கலாம். சிகிச்சைக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். நோயாளி பெரியவர், சுயநினைவோடு இருக்கிறார் என்றால் ஒப்புதல் அவருடையதுதான். கூட வந்த கணவரோ மாமியாரோ போடும் கையெழுத்து செல்லாது. குழந்தை என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, ஏழு வயதுக்கு மேல் குழந்தையின் சம்மதத்தையும் கேளுங்கள். இறந்தவர் என்றால் நெருங்கிய உறவினர். ஊரை விட்டுப் போய்விட்டார், ஆளே கிடைக்கவில்லை என்றால் பல இதழ்கள் கட்டுரையை எடுக்காது. ஆகவே நோயாளி கண் முன்னால் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவிடமும் ஒரு கடிதம் கொடுத்து, ஒரே நோயாளியின் கேஸ் ரிப்போர்ட்டுக்கு அனுமதி வேண்டுமா, விலக்கு உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நடைமுறை வேறு.

கட்டுரையில் போக வேண்டியது ஒரே வாக்கியம்: விவரங்களையும் படங்களையும் வெளியிட நோயாளியிடம் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெறப்பட்டது. கையெழுத்திட்ட படிவத்தைக் கட்டுரையோடு இணைக்காதீர்கள். அதில்தானே பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன! துணைக் கோப்பாக ஏற்றப்பட்டு மதிப்பாய்வாளர் கைக்குப் போனால் நீங்கள் சலித்ததெல்லாம் வீண். இதழ் வெளிப்படையாகக் கேட்டால் மட்டும், அவர்கள் சொல்லும் வழியில் அனுப்புங்கள். மற்றபடி அது மருத்துவமனைக் கோப்பில் பூட்டி இருக்கட்டும்.

மதிப்பாய்வாளர் சில சமயம் "சேர்க்கை தேதி என்ன?" என்று கேட்பார். 1ஆம் நாள் கணக்கில் பதில் சொல்லி, தேதியை ஏன் தரவில்லை என்று ஒரு வரி எழுதினால் ஒத்துக்கொள்வார்கள். மாநாட்டில் போஸ்டராக வைக்கவும், டிபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் "இண்டரஸ்டிங் கேஸ்" என்று போடவும் இந்த ஒப்புதல் போதுமா என்றால், படிவத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும்தான். போஸ்டர் எண்ணம் இருந்தால் அதற்கும் சேர்த்தே 48ஆம் நாளில் கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம்.